டிக்கெட்டின் பின்னால் எழுதிய 2 ரூபாய்

கேள்வி: பஸ் கண்டக்டரையும் தினமும் வரும் பயணிகளையும் வைத்துப் பன்னிரண்டு குறும்பதிவுகளில் ஒரு கதை எழுதிப் பார்க்கிறேன். ஆளுக்கொரு பதிவு எழுதினால் வெறும் அறிமுகமாகவே நின்றுவிடுகிறது. எப்படிக் கதையாக்குவது?

நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து கண்டக்டரைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டவுன் பஸ்ஸில் தோளில் பை மாட்டி நின்று ஓய்வு பெற்றவன். கண்டக்டருக்கும் ஒரு பயணிக்கும் நடுவே தீராத கணக்கு ஒன்று இருந்தால் போதும், கதை தானே ஓடும். எங்கள் தொழிலில் அதைத் தேட வேண்டியதே இல்லை. சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கிறோமே, அந்தப் பாக்கிதான்.

"சில்லறையை அமுக்குவதே உங்கள் வேலை" என்று இதற்குள் யாராவது எழுத வந்திருப்பார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும்போதே கையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று தாளில் எழுதிவிட வேண்டும். செக்கிங் ஏறினால், விற்ற டிக்கெட்டுகளின் தொகையும் தாளில் எழுதிய சொந்தப் பணமும் சேர்ந்து பையில் உள்ள பணத்தோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. கூடினால், காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லையோ என்ற சந்தேகம் வரும். பயணி வாங்காமல் போன மீதியும் அன்றிரவே டெப்போவில் வசூலோடு போய்விடும். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுப்பது கண்டக்டரின் சொந்தக் காசு.

இதை வைத்துத்தான் நான் என் கதையை எழுதினேன். பூக்கார அம்மா 8 ரூபாய் டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறார். கண்டக்டர் பின்னால் "2" என்று எழுதிக் கொடுக்கிறார். வழக்கப்படி மறுநாள் அவர் 6 ரூபாய் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் அது 2021 மே மாதத் தொடக்கம். 8ஆம் தேதி முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 10ஆம் தேதி முழு ஊரடங்கு, பஸ்ஸும் நின்றுவிடுகிறது. மீண்டும் ஓடும்போது அந்த அம்மா ஏறுகிறார். கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். 2 ரூபாயை எதில் கழிப்பது? நாணயத்தை நீட்டினால், "இருக்கட்டும் தம்பி, நாளைக்குக் கழித்துக்கொள்" என்கிறார். இது நான்காம் பதிவு. கதை இங்கே பிடித்துக்கொண்டது.

ஐந்து முதல் எட்டு வரை மற்ற பயணிகள். பூக்கூடையை மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் மில் தொழிலாளி, பாஸில் வரும் பள்ளிக்கூடப் பையன், இப்படி அந்த 2 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். நன்றாக எழுதியிருந்த ஓர் ஆசிரியரை எடுத்துவிட்டேன். அவருக்கும் அந்தப் பாக்கிக்கும் தொடர்பு இல்லை. உங்கள் பயணிகளையும் இப்படிச் சலித்துப் பாருங்கள்.

ஒன்பதில் செக்கிங் ஏறுகிறது. அந்த அம்மாவுக்கென்று கண்டக்டர் சட்டைப் பையில் தனியாக வைத்திருந்த நாணயம் தாளில் இல்லை. பத்தில் பூக்கார அம்மா சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த பழைய டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிறார். "அது என் காசு ஐயா." பதினொன்றில் செக்கிங் அதிகாரியே நாணயத்தை அவர் கையில் கொடுக்கிறார். பன்னிரண்டில் அந்த அம்மா இறங்கும்போது, "இனிமேல் நமக்குள் கணக்கே இல்லையே தம்பி" என்கிறார்.

2 ரூபாய்க்கு யாரும் இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். தாளில் இல்லாத காசு எவ்வளவு சிறியதானாலும் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லா அதிகாரிகளும் ஒரே மாதிரி நடப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

நீளத்தைப் பற்றியும் ஒன்று. எக்ஸ் தளத்தின் 280 எழுத்து வரம்பில் தமிழில் புள்ளியும் கால், கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "க்" என்றாலே இரண்டு. ஆகவே பதிவுக்கு ஏறக்குறைய முப்பது சொல்தான் கிடைக்கும். ஏழாவதை மட்டும் பார்க்கிறவருக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு பதிவிலும் "பூக்கார அம்மா", "2 ரூபாய்" இரண்டையும் வைத்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இப்போது "படித்ததில் பிடித்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் பெயர் இல்லை, போகட்டும். பன்னிரண்டாம் பதிவை வெட்டிவிட்டு "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்று யாரோ ஒட்டியிருக்கிறார்கள். காசு திரும்பக் கிடைத்ததில் அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சி இல்லை என்பதுதான் கதை. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற பதினொன்றையும் எழுதினேன். பகிர்கிறவர்கள் தயவுசெய்து பன்னிரண்டையும் பகிருங்கள்.