வார மொத்தம் சரி, ஆனாலும் பெயர் சிவப்பில்

"ஒருவருக்கு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் MS Project அவர் பெயரைச் சிவப்பில் காட்டுகிறது. எந்த வேலையை நகர்த்துவது?"

Total Slack, அதாவது திட்டத்தின் கடைசித் தேதி பாதிக்காமல் ஒரு வேலையைத் தள்ளிப்போடக்கூடிய கால அளவு, அதிகமாக உள்ள வேலையை நகர்த்துங்கள். பெரிய வேலை எது என்று பார்த்து நகர்த்தினால் கடைசித் தேதியே தள்ளிப்போகலாம்.

வார மொத்தம் சரியாக இருந்தும் சிவப்பு வருகிறதென்றால், பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு வேலைகள் மோதுகின்றன. Resource Usage பார்வையைத் திறந்து, காலக்கோட்டை நாள் அளவுக்குப் பெரிதாக்குங்கள். உதாரணமாக:

வேலை அ: திங்கள் முதல் புதன் வரை, 24 மணி நேரம்
வேலை ஆ: செவ்வாய், புதன், 16 மணி நேரம்

கூட்டினால் 40தான். ஆனால் செவ்வாயும் புதனும் தலா 16 மணி நேரம் விழுகிறது. வியாழனும் வெள்ளியும் காலி.

'ஆ'வுக்கு 2 நாள் Total Slack இருந்தால், அதன் வரிசையில் செவ்வாய், புதன் கட்டங்களில் 0 போட்டு, வியாழன், வெள்ளியில் 8, 8 என்று இடுங்கள். உடனே Work நெடுவரிசையைப் பாருங்கள்: மறுபடி 16 என்று இருக்க வேண்டும். 32 என்றால் பழைய மணிகளை அழிக்க மறந்துவிட்டீர்கள். (பலரும் வழுக்குவது இங்கேதான்.)

இரண்டு வேலைக்குமே Total Slack 0 என்றால் நகர்த்திப் பயனில்லை. 'ஆ'வின் 16 மணி நேரத்தை அந்த இரண்டு நாளும் ஓய்வாக உள்ள வேறொருவருக்கு மாற்றுங்கள். அதற்கு முன் அவருடைய வரிசையையும் நாள்வாரியாகப் பார்த்துவிடுங்கள்.