இரண்டு HBr-ஐ நீக்க மூன்று பங்கு சோடாமைடு எதற்கு?

புரோபைனில் இரண்டு HBr சேர்த்தால் இரண்டு புரோமினும் ஏன் ஒரே கார்பனில் போய் உட்காருகின்றன? (தண்டையார்பேட்டை, பிளஸ் டூ மாணவி)

முதல் HBr சேரும்போது ஹைட்ரஜன் ஓரக் கார்பனுக்குப் போய் 2-புரோமோபுரோப்பீன் கிடைக்கிறது. இரண்டாவது ஹைட்ரஜனும் அதே ஓரத்துக்குத்தான் போகும், ஏனென்றால் அப்போது நேர்மின்சுமை புரோமின் இருக்கும் கார்பனில் விழுகிறது, புரோமின் தன் தனி இணை எலக்ட்ரான்களைக் கொடுத்து அதைத் தாங்குகிறது. புரோமின் எலக்ட்ரானை இழுக்கும் அணுவாச்சே என்று கேட்பீர்கள். இழுப்பதால் வினையின் வேகம் குறையும், ஆனால் இடத்தைத் தீர்மானிப்பது இந்தத் தாங்கல்தான். விடை 2,2-டைபுரோமோபுரோப்பேன்.

புரோமின் சேர்க்கும்போது பாதியில் நிறுத்த முடியுமா? (பெரம்பூர்)

பெரும்பாலும் முடியும். ஒரு பங்கு புரோமினை மட்டும், ஆல்கைன் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டிரான்ஸ் டைபுரோமோ ஆல்கீன்தான் அதிகம் வரும். இரண்டு பங்கு விட்டால் டெட்ராபுரோமைடு.

1,2-டைபுரோமோஹெக்சேனிலிருந்து இரண்டு HBr தானே போகிறது, சோடாமைடு மட்டும் ஏன் மூன்று பங்கு? (வியாசர்பாடி, பி.எஸ்சி.)

நல்ல கேள்வி, இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 24.4 கிராம் டைபுரோமைடு, அதாவது 0.1 மோல் எடுத்து, திரவ அம்மோனியாவில் 0.2 மோல் சோடாமைடு போடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் HBr எளிதாகப் போய்விடும், அதற்கு 0.1 மோல் செலவு. மிச்சம் 0.1 மோல் இருக்கிறது. இப்போது உருவாகும் 1-ஹெக்ஸைனின் ஓர ஹைட்ரஜன் அமிலத் தன்மை உள்ளது (pKa சுமார் 25, அம்மோனியாவுக்குச் சுமார் 38), அதனால் பிறந்த கையோடு அதுவும் ஒரு பங்கு சோடாமைடைத் தின்றுவிட்டு உப்பாக மாறுகிறது. ஆக, ஒவ்வொரு புரோமோஹெக்ஸீனுக்கும் இரண்டு பங்கு தேவை, 0.05 மோல்தான் ஹெக்ஸைன் ஆகும், மீதி 0.05 மோல் புரோமோஹெக்ஸீனாகவே நின்றுவிடும். 0.3 மோல், அதாவது 11.7 கிராம் போட்டால்தான் முழுதும் முடியும், அப்புறம் அம்மோனியம் குளோரைடு சேர்த்தால் உப்பிலிருந்து ஹெக்ஸைன் விடுபடும்.

அதற்குப் பதில் ஆல்கஹால் கலந்த KOH போதாதா? (அதே வியாசர்பாடி)

பெரும்பாலும் புரோமோ ஆல்கீனோடு நின்றுவிடும். 200 டிகிரி வரை சூடேற்றித் தள்ளினால் ஆல்கைன் வரும், ஆனால் முப்பிணைப்பு உள்ளே நகர்ந்து 2-ஹெக்ஸைன் கிடைத்துவிடும். சோடாமைடில் அந்தக் கவலை இல்லை, ஓர ஆல்கைன் உப்பாக மாறிப் பூட்டிக்கொள்கிறது.

எங்கள் ஆய்வகத்துச் சோடாமைடு மஞ்சளாகிவிட்டது, பயன்படுத்தலாமா? (ராயபுரம்)

கூடவே கூடாது, மூடியைக்கூடத் திறக்காதீர்கள். காற்றும் ஈரமும் பட்டு உருவாகும் பொருள்கள் வெடிக்கக் கூடியவை, கடலோர ஈரக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லி முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.