இரண்டு வார இடைவெளியும் 12 வாரக் கணக்கும்

"இங்கிலாந்தில் ஏஜென்சி மூலம் கிடங்கில் வேலை. இரண்டு வாரம் வர முடியாது என்று சொன்னால் 12 வாரக் கணக்கு அழிந்துவிடுமா?"

அழியாது. ஒரே நிறுவனத்தில் ஒரே வேலையை 12 வாரம் செய்தால், அங்குள்ள நேரடி ஊழியருக்கு இணையான அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். அதற்கான கணக்கு இது. ஆறு வாரம் வரையான இடைவெளி அதை நிறுத்தி மட்டும் வைக்கும்; சின்ன இடைவெளியால் உரிமை பறிபோகக் கூடாது என்பதே காரணம்.

மழையில் நின்ற கிரிக்கெட் ஆட்டம் மாதிரிதான். எட்டு வாரம் முடித்துப் போனவர், அதே வேலைக்குத் திரும்பினால் ஒன்பதிலிருந்து தொடர்வார். "3ஆம் தேதி முதல் 16 வரை வேலை ஏற்க இயலாது, 17 முதல் வருவேன்" என்று ஏஜென்சிக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

கணக்கு நிற்கிறது என்றால் இடமும் காத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேறு நிறுவனத்துக்கு அனுப்பினால் முதல் வாரத்திலிருந்துதான் தொடங்கும்.