“ரெஸ்ட் 10/7” என்று எழுதிய சீட்டு மருத்துவச் சான்றிதழ் ஆகுமா?

கேள்வி: கோவையில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருடமாக பில்லிங் பிரிவில் இருக்கிறேன். ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஜூன் 3 அன்று டாக்டரிடம் போனேன். ஓ.பி. சீட்டில் “காய்ச்சல் 3/7, டெங்கு பாசிட்டிவ், ரெஸ்ட் 10/7” என்று கிறுக்கிக் கொடுத்தார். ஜூன் 2 முதல் 12 வரை வேலைக்குப் போகவில்லை. தேதியே தப்பு, இது சான்றிதழே இல்லை என்று ஆபீஸில் சொல்லிச் சம்பளத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். டி.டி.பி. கடைக்காரர், முறைப்படி டைப் செய்து டாக்டர் சீலும் போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: டைப் செய்து வாங்குங்கள், தவறில்லை. சீலும் கையெழுத்தும் மட்டும் டாக்டர் கையால்தான் விழ வேண்டும். கடைக்காரர் போடும் சீல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவில் போலி ஆவணம். அதை ஆபீஸில் நீட்டினால் 340-ஆம் பிரிவில் உங்கள் மேலும் குற்றம் வரும். நிஜமாகவே டெங்கு வந்து படுத்திருந்தீர்கள் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

முதலில் அந்தத் தேதிக் குழப்பம். டாக்டர்கள் எழுத்தில் 10/7 என்பது ஜூலை 10 அல்ல, பத்து நாள். கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். அப்படிப் பார்த்தால் உங்கள் சீட்டு சொல்வது இதுதான்: மூன்று நாளாகக் காய்ச்சல், பத்து நாள் ஓய்வு. ஜூன் 3 முதல் எண்ணினால் ஓய்வு 12-ஆம் தேதி முடிகிறது. ஆபீஸ் இதைத் தேதி என்று படித்ததில் வியப்பில்லை. அதனால்தான் சான்றிதழில் “ஜூன் 3 முதல் ஜூன் 12 வரை, இரு நாட்களும் உட்பட, பத்து நாட்கள்” என்று விரித்து எழுதச் சொல்கிறேன்.

வடிவத்தை நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் இரண்டாம் பின்னிணைப்பாகவே இருக்கிறது. உங்கள் விவரங்களைப் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்:

“(நோயாளியின் கையெழுத்து, முகவரி, அடையாளக் குறிகள்.) மேலே கையெழுத்திட்டுள்ள திரு. ……… என்பவரை 3.6.2025 அன்று நான் பரிசோதித்தேன். அவர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டிருந்தார். மூன்று நாட்களாகக் காய்ச்சல் இருந்ததாகத் தெரிவித்தார். உடல்நலம் தேற 3.6.2025 முதல் 12.6.2025 வரை பத்து நாட்கள் பணிக்குச் செல்லாமல் இருப்பது அவசியம் என்று சான்றளிக்கிறேன். இடம், சான்றிதழ் தரும் தேதி, டாக்டரின் கையெழுத்து, பெயர், தகுதி, மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்.”

பதிவு எண்ணும் உங்கள் அடையாளக் குறியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மறுபடி வேலைக்குத் தகுதியானவர் என்ற வரி தனி. உங்களை அவர் திரும்பப் பார்த்திருந்தால்தான் அதை எழுத முடியும்.

சான்றிதழ் தேதியாக ஜூன் 3 போடச் சொல்லிக் கேட்காதீர்கள். இன்று தருகிறார் என்றால் இன்றைய தேதிதான். பரிசோதித்த தேதி உள்ளே இருக்கிறது, அது போதும். டாக்டர் சான்றிதழ்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆபீஸ் ஃபோன் போட்டு விசாரித்தால் அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டுவார். பழைய தேதி போட்டு வாங்கியது அங்கே அகப்பட்டுவிடும், டி.டி.பி. கடைச் சான்றிதழோ பதிவேட்டிலேயே இருக்காது. பொய்ச் சான்றிதழ் தந்தால் டாக்டரின் பதிவே ரத்தாகலாம், அதனால் அவரை வற்புறுத்துவதும் நியாயமில்லை. பழைய சீட்டையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தன் குறிப்பைப் பார்த்தால் எழுதித் தருவதில் அவருக்குத் தயக்கம் இருக்காது.

ஜூன் 2-தான் கொஞ்சம் சிக்கல். அன்று அவர் உங்களைப் பார்க்கவில்லை. காய்ச்சல் இருந்ததாக நீங்கள் சொன்னீர்கள் என்று மட்டுமே எழுத முடியும், ஓய்வு தேவைப்பட்டது என்று எழுத முடியாது. அந்த ஒரு நாளைத் தற்செயல் விடுப்பில் கேளுங்கள், சான்றிதழை இழுத்து நீட்டவே வேண்டாம்.

மற்ற பத்து நாளைப் பொறுத்தவரை நீங்கள் சலுகை கேட்கவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பும், தனியாக 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. இந்த வருடம் ஏற்கெனவே எடுத்தது போக மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சான்றிதழை விடுப்புக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறமும் பிடித்தால் அந்த நகலோடு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.