இருவருக்கும் பதில் எழுதத் தோன்றும் அறிமுக மின்னஞ்சல்

கேள்வி: தொழில்முறையில் தெரிந்த இருவரை மின்னஞ்சலில் அறிமுகம் செய்து வைத்தால், "நன்றி, பேசுவோம்" என்பதோடு நின்றுவிடுகிறது. என்ன விவரம், எவ்வளவு எழுத வேண்டும்?

குழித்துறையில் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கணக்கும் வரித் தாக்கலும் பார்க்கிறவன் என்பதால், இத்தகைய அறிமுகங்கள் என் வழியாக அடிக்கடி நடக்கின்றன. "இவர் தேன் விற்கிறார், அவர் பேக்கரிக்குப் பொருள் வாங்குகிறார், இருவரும் பேசிக்கொள்ளுங்கள்" என்று எழுதினால், மரியாதைக்கு ஒரு நன்றி சொல்வதைத் தவிர இருவருக்கும் எழுத வேறொன்றும் கிடைப்பதில்லை. இருவரும் தாமாகக் கண்டுபிடிக்க முடியாத பொருத்தம் எதுவோ, அதை எழுத வேண்டியது நம் வேலை.

ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் குழு ஒன்றின் செயலர் எனக்குத் தெரிந்தவர். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் ஆண்டுத் தொடக்க மாதங்களில்தான் எங்கள் பகுதியில் தேன் அதிகம் கிடைக்கும். ஆனால் ரப்பர் தேன் விரைவில் உறைந்துவிடும். பாட்டிலில் உறைந்ததைப் பார்க்கும் வாடிக்கையாளர் சர்க்கரைப் பாகு கலந்தது என்று சந்தேகப்படுவதால், சில்லறை விற்பனையில் அவருக்குத் தொல்லை. மறுபுறம் கோயம்புத்தூரில் பிஸ்கட் தயாரிக்கும் நிறுவனமொன்றின் கொள்முதல் மேலாளர் மொத்தமாகத் தேன் தேடிக்கொண்டிருந்தார். மாவில் கலப்பதற்கு முன் மிதமாகச் சூடாக்கிக்கொள்வார்கள் என்பதால், தேன் உறைவது அவர்களுக்கு ஒரு குறையே இல்லை. ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது மற்றவருக்குப் பொருட்டே இல்லை என்பதுதான் இங்கே பொருத்தம்.

எழுதும் முன் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். அதிலும் வாங்குபவரிடம் முதலில். அவர் வேண்டாம் என்றால் செயலருக்கு வீண் நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டோம். கேட்கும்போதே எது தெரிந்தால் அடுத்த படிக்குப் போவீர்கள் என்றும் விசாரித்துவிடுவேன். அவர் கேட்டது ஈரப்பதம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தேனில் பெரும்பாலும் சிக்கல் வருவதும் அங்கேதான். செயலரிடம் ஆய்வக அறிக்கை இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே இருவருக்கும் சேர்த்து எழுதினேன். பெயர்களை நீக்கிவிட்டு அதைத் தருகிறேன்.

பொருள்: அறிமுகம் – மார்த்தாண்டம் ரப்பர் தேன், பிஸ்கட் தயாரிப்புக்கு

"மேடம், அண்ணன், இருவருக்கும் வணக்கம். இருவரிடமும் முன்பே சொல்லியிருந்தபடி இதை எழுதுகிறேன்.

மேடம், அண்ணன் மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போர் குழுவின் செயலர். அவர்களுடைய கணக்கை நான்தான் பார்க்கிறேன். இந்தப் பருவத்து ரப்பர் தேன் மொத்தமாக இருப்பில் உள்ளது. உறையும் தன்மை உடையது. ஈரப்பத அளவுடன் கூடிய ஆய்வக அறிக்கை அவரிடம் உண்டு.

அண்ணா, மேடம் பிஸ்கட் தயாரிப்புக்கு ஆண்டு முழுவதும் தேன் வாங்குபவர். தேன் உறைந்திருப்பது அவர்களுக்குத் தடையில்லை. ஈரப்பதத்தில் மட்டும் கண்டிப்பு.

அண்ணன் ஆய்வக அறிக்கையையும் மாதிரி அனுப்பக்கூடிய நாளையும் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதினால், மேடம் தரப் பிரிவிடம் காட்டிவிட்டுச் சொல்வார்கள். அடுத்த கடிதத்தில் என் முகவரியை எடுத்துவிடலாம்."

இதில் நான் மிகவும் கவனமாக எழுதியது கடைசிப் பத்திதான். முதலில் எழுத வேண்டியவர் யார், எதை அனுப்ப வேண்டும் என்று சொல்லாவிட்டால், அவர் எழுதட்டும் என்று இருவருமே காத்திருப்பார்கள். விற்பவரிடம் அனுப்ப ஆவணம் தயாராக இருப்பதால் முதல் அடி அவருடையதாக இருப்பதே முறை. உறையும் என்ற குறையை மறைக்காமல் எழுதியதற்கும் காரணம் உண்டு: மாதிரி வந்த பிறகு தெரிந்தால், அறிமுகம் செய்தவர்மீதும் சேர்த்தே சந்தேகம் வரும்.

விலையை எழுதவில்லை. நான் ஓர் எண்ணைச் சொன்னால் அதிலிருந்தே பேரம் தொடங்கும், அது இருவரில் ஒருவருக்கு நட்டம். கைபேசி எண்ணையும் நான் தருவதில்லை. விரும்பினால் அவர்களே கொடுத்துக்கொள்வார்கள். நான் அறிந்த அளவையும் தாண்டி எழுதக் கூடாது. கணக்கு பார்ப்பவன் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லலாம், தேனின் தரத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. அதை அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

முதல் பதிலிலேயே கேள்வியோ இணைப்போ இருந்தால் விவரம் போதுமானதாக இருந்தது என்று பொருள். வெறும் நன்றி மட்டும் வந்தால், யாருக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகவில்லை. ஒரு வாரம் ஆகியும் முதல் அடி எடுக்க வேண்டியவர் எழுதவில்லையென்றால், மற்றவரைச் சேர்க்காமல் அவருக்கு மட்டும் ஒருமுறை நினைவூட்டுவேன். அதற்கு மேல் தொடர்வதில்லை.