ஜகார்த்தாவில் பிடிக்கும் வரி: சான்றிதழ் இல்லாவிட்டால் பாதி திரும்பாது

கேள்வி: பெரம்பூரில் இருந்தபடி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். என் பழைய ஓவியங்களைப் பயன்படுத்திக்கொள்ள ஜகார்த்தாவைச் சேர்ந்த பதிப்பகம் ஒன்று ராயல்டி தருகிறது. இந்த நிதியாண்டில் (2025-26) இரண்டு தவணைகளில் ஏறத்தாழ ரூ.6 லட்சம் வரும். இந்தியாவில் மற்ற வருமானம், கழிவுகள் போக, ரூ.14 லட்சம். வரி வசிப்பிடச் சான்றிதழ் அனுப்பாவிட்டால் 20 சதவீதம் பிடிப்போம் என்கிறார்கள். “எவ்வளவு பிடித்தாலும் இங்கே கழித்துக்கொள்ளலாம், சான்றிதழுக்கு அலைய வேண்டாம்” என்கிறார் என் ஆடிட்டர். அவர் சொல்வது சரியா? சான்றிதழை எங்கே வாங்குவது?

பதில்: உங்கள் ஆடிட்டர் சொன்னதில் பாதிதான் சரி. வெளிநாட்டில் கட்டிய வரியை இங்கே கழிக்கலாம். எவ்வளவு பிடித்தாலும் கழிக்கலாம் என்பது தவறு. வருமான வரி விதிகளில் 128ஆம் விதி இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: இரு நாடுகளுக்கிடையிலான வரி ஒப்பந்தப்படி கட்ட வேண்டியதைவிட அதிகமாக வெளிநாட்டில் கட்டியிருந்தால், அந்த அதிகத் தொகை கணக்கில் சேராது.

இந்தோனேசியாவில் வசிக்காத ஒருவருக்கு ராயல்டி கொடுத்தால், அந்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதம் பிடிக்க வேண்டும். இந்தியாவுடனான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இதை 10 சதவீதமாகக் குறைக்கிறது. ஆனால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்பதற்கு ஆதாரம் கையில் இருந்தால்தான் பதிப்பகம் குறைந்த விகிதத்தில் பிடிக்க முடியும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மொத்த வருமானம் ரூ.20 லட்சம். புதிய வரி முறையில் வரி ரூ.2 லட்சம், 4 சதவீத செஸ் சேர்த்து ரூ.2,08,000, சராசரியாக 10.4 சதவீதம். இதில் ராயல்டியின் பங்கு ரூ.62,400. சான்றிதழ் கொடுத்தால் ஜகார்த்தாவில் ரூ.60,000 பிடிப்பார்கள். அது முழுவதும் இங்கே கழியும், மீதி ரூ.1,48,000 கட்டுவீர்கள். கொடுக்காவிட்டால் அங்கே ரூ.1,20,000 போகும். இங்கே கழிவது அப்போதும் ரூ.60,000 மட்டுமே. மீதி அறுபதாயிரம் உங்கள் கையை விட்டுப் போனதுதான். அதைத் திரும்பக் கேட்க வேண்டிய இடம் ஜகார்த்தா. சென்னையில் கேட்டுப் பயனில்லை.

உங்களைப் போல் ராயல்டி வாங்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் இங்கே வரியே வராது. வரி இல்லாத இடத்தில் கழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் பிடித்ததை நம் அரசு பணமாகத் திருப்பித் தராது. அவர்களுக்குச் சான்றிதழால் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் நேரடி மிச்சம்.

இனி வாங்கும் வழி. விண்ணப்பம் படிவம் 10எஃப்ஏ. அதைப் பார்த்து அதிகாரி தரும் சான்றிதழ் படிவம் 10எஃப்பி. இணையத்தில் தேடினால் முதலில் 10எஃப் என்று ஒன்று கண்ணில் படும். அது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் ஒப்பந்தச் சலுகை கேட்கக் கொடுப்பது, உங்களுக்கு ஆகாது.

விண்ணப்பத்தை உங்கள் பான் எண் எந்த மதிப்பீட்டு அலுவலரிடம் இருக்கிறதோ அவரிடமே கொடுக்க வேண்டும். incometax.gov.in தளத்தில் Know Your AO என்ற பகுதியில் பார்த்தால் வார்டு தெரியும். வெளிநாட்டு வருமானம் என்பதால் சர்வதேச வரிப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான பிரிவு. ஆனால் முன்பு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து திரும்பியவர்களின் பான் எண் இன்னும் அங்கேயே கிடக்கலாம். அப்படியானால் முதலில் அதை வழக்கமான வார்டுக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். இது நாள் பிடிக்கும் வேலை.

படிவத்தில் முக்கியமான இடம், எந்த அடிப்படையில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்கிறீர்கள் என்பது. நிதியாண்டில் 182 நாட்கள் இங்கே இருந்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். இன்னொன்றும் இருக்கிறது: இந்த ஆண்டில் 60 நாட்கள், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்கள். சென்னையை விட்டு அதிகம் நகராதவருக்கு மே மாத இறுதிக்குள்ளேயே இது நிறைவேறிவிடும். அக்டோபர் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை அதிகாரியிடம் கடிதத்திலேயே எடுத்துச் சொல்லுங்கள். இணைப்பாகப் பான் அட்டை, கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களும் (வருகை, புறப்பாட்டு முத்திரைகளுக்காக), முந்தைய ஆண்டுகளின் வரித் தாக்கல் ஒப்புகை, பதிப்பகத்துடனான ஒப்பந்தம் ஆகியவற்றை வையுங்கள். நேரில் கொடுப்பதானால் ஆயகர் சேவா கேந்திராவில் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் தர விதி எந்தக் கெடுவும் வைக்கவில்லை. தவணை தேதிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே கொடுப்பதும், இடையில் எழுத்தில் நினைவூட்டுவதும்தான் வழி.

பெயர் விஷயத்தில் கவனம். நம் ஊர்க்காரர்களுக்குப் பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஒப்பந்தத்தில் ஒற்றை முன்னெழுத்தோடு நின்றுவிடும். சென்னையில் இருவரும் ஒருவரே என்பது யாருக்கும் புரியும், ஜகார்த்தாவின் கணக்குப் பிரிவுக்குப் புரியாது. சான்றிதழ் பான் பெயரில்தான் வரும் என்பதால் ஒப்பந்தத்தையும் விலைச்சீட்டையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள்.

பதிப்பகம் டிஜிடி என்ற இந்தோனேசியப் படிவத்தையும் அனுப்பும். அதில் ஒரு பகுதி நம் வரி அதிகாரி கையெழுத்திட வேண்டியது. அயல்நாட்டுப் படிவத்தில் கையெழுத்திட நம் அலுவலர்கள் தயங்குவார்கள், வற்புறுத்த வேண்டாம். அந்தப் பகுதிக்குப் பதிலாக ஆங்கிலத்தில் உள்ள வசிப்பிடச் சான்றிதழை இணைக்கலாம். பெயர், வழங்கிய தேதி, எந்த ஆண்டுக்கு, அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் ஆகியவை இருக்கின்றனவா என்று 10எஃப்பியைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். மற்ற பகுதிகளை நீங்களே நிரப்ப வேண்டும்.

சான்றிதழ் அங்கே பிடிப்பதைக் குறைக்கும். இங்கே கழிப்பதற்கு வேறு வேலை இருக்கிறது. வரித் தாக்கலில் கைக்கு வந்த ரூ.5,40,000 அல்ல, முழு ரூ.6 லட்சத்தையும் வருமானமாகக் காட்டுங்கள். வரி பிடித்ததற்கான சான்றைப் பதிப்பகத்திடம் கேட்டு வாங்குங்கள். அங்கே அதை ‘புக்தி போத்தோங்’ என்பார்கள். அதை வைத்துப் படிவம் 67ஐ இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஆண்டு வருமானத்துக்குக் கடைசி நாள் 2027 மார்ச் 31. ஆனால் வரித் தாக்கலோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்; தாமதித்தால் கழிவைச் சேர்க்காமலே வரிக் கோரிக்கை வந்து நிற்கும்.

இரண்டாம் தவணை மார்ச்சுக்குள் வருமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் 2025-26க்கான சான்றிதழ் அதற்குச் செல்லாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், நான் மேலே சொன்ன படிவ எண்களை அப்போது அப்படியே பயன்படுத்தாமல் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.