மச்சத்தின் பயொப்சி ரிப்போட்: டிஸ்பிளாசியாவும் மார்ஜினும்

கேள்வி: எனக்கு வயது 34. முதுகில் இருந்த மச்சம் பெரிதாகிக்கொண்டு வந்ததால் வெட்டி எடுத்தார்கள். ரிப்போட்டில் ‘கொம்பவுண்ட் டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், மொடரேட் டிஸ்பிளாசியா. லேட்டரல் மார்ஜின் இன்வோல்வ்ட். டீப் மார்ஜின் கிளியர். நோ எவிடென்ஸ் ஒப் மலிக்னன்சி’ என்று இருக்கிறது. கிளினிக்குக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. பெரியம்மாவுக்குக் கருப்பைக் கழுத்தில் டிஸ்பிளாசியா என்று சொல்லித்தான் கருப்பையை எடுத்தார்கள். எனக்கும் அப்படியா? மிச்சம் உள்ளே இருக்கிறதா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிகளின்படி இது புற்றுநோய் அல்ல. இரண்டு கிழமை காத்திருப்பதால் எந்தக் கெடுதலும் வராது. ஆனால் மார்ஜின் பற்றிய வரியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெரியம்மாவின் விஷயம். டிஸ்பிளாசியா என்றால் கலங்களின் உருவமும் அடுக்கும் வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறது என்று அர்த்தம். சொல் ஒன்றுதான், எந்த இடத்தில், எந்தக் கலத்தில் என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும். கருப்பைக் கழுத்தில் அது படிப்படியாகப் புற்றுநோய் நோக்கிப் போகக்கூடிய மாற்றம். மச்சத்தில் அப்படி இல்லை. நீவஸ் என்பது மச்சத்துக்கு மருத்துவம் வைத்த பெயர். டிஸ்பிளாஸ்டிக் நீவஸ் என்றால் ஒழுங்கு குலைந்த மச்சம். அதுவும் பினைன் வகையில், அதாவது பக்கத்துத் திசுவை ஊடுருவாத, வேறு உறுப்புக்குப் பரவாத வகையில்தான் சேரும். மெலனோமா எனப்படும் மச்சப் புற்றுநோயில் பெரும்பாலானவை பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாகவே தொடங்குகின்றன. ஆகவே உங்கள் ரிப்போட்டையும் பெரியம்மாவின் ரிப்போட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காதீர்கள்.

இந்த டிஸ்பிளாசியாவை மைல்ட், மொடரேட், சிவியர் என்று மூன்றாகப் பிரிப்பது பழைய வழக்கம். 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மொடரேட்டை ‘லோ கிரேட்’ என்றும் சிவியரை ‘ஹை கிரேட்’ என்றும் மாற்றியது. வேறொரு ஆய்வுகூடத்தில் உங்கள் மச்சத்துக்கு ‘லோ கிரேட்’ என்று எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம், அதே பொருள்தான்.

இனி மார்ஜின், அதாவது வெட்டி எடுத்த துண்டின் விளிம்பு. உங்களைப் பயமுறுத்தியது இதுதான் என்று தெரிகிறது. ரிப்போட்டில் ‘மெக்ரோஸ்கொபி’ என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். வெறுங்கண்ணால் பார்த்ததை அங்கே எழுதுவார்கள். ‘ஸ்கின் எலிப்ஸ், 12 × 6 × 5 மில்லிமீற்றர்’ என்பது போல இருந்தால், கண் வடிவத்தில் தோலோடு சேர்த்து மச்சத்தை முழுதாக எடுக்க முயன்றிருக்கிறார்கள். ‘பஞ்ச்’ என்றிருந்தால் 3, 4 மில்லிமீற்றர் வட்டக் கத்தியால் குத்தி எடுத்தது. அது ஒரு மாதிரி மட்டும் என்றால் விளிம்பு வரை மச்சம் இருப்பது எதிர்பார்த்ததே. ஆனால் எடுக்காமல் விட்ட பகுதியில் என்ன இருக்கிறது என்று அந்த ரிப்போட் சொல்லாது; மீதியையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எலிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகூடத்தில் போர்மலினில் ஊறிய அந்தத் துண்டின் வெட்டுப் பரப்பு முழுவதிலும் முதலில் மை பூசுவார்கள். பிறகு பாண் வெட்டுவது போலக் குறுக்காக வெட்டுவார்கள். 12 மில்லிமீற்றர் நீளத்தை 3 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டு என்று போட்டால் நான்கு துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் மெழுகில் பதித்து, அதன் முகத்திலிருந்து சுமார் 4 மைக்ரோமீற்றர் தடிப்பில் ஒரு சீவல் எடுத்து, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். மச்சக் கலங்கள் மைக்கோட்டைத் தொட்டால் ‘இன்வோல்வ்ட்’. தொடாமல் இடைவெளி இருந்தால் ‘கிளியர்’, அந்த இடைவெளியை மில்லிமீற்றரில் எழுதுவதும் உண்டு. லேட்டரல் என்பது பக்க விளிம்பு, டீப் என்பது அடிப்பக்கம்.

ஒரு துண்டுக்கு ஒரு சீவல் என்றால், 12 மில்லிமீற்றர் நீளத்தில் உண்மையில் கண்ணுக்கு முன் வந்தது 16 மைக்ரோமீற்றர், ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தேவைப்பட்டால் ஆழம் ஆழமாக இன்னும் பல சீவல்கள் எடுப்பார்கள். அப்படியும் விளிம்பு முழுவதையும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் ‘கிளியர்’ என்றால் பார்த்த சீவல்களில் தொடவில்லை என்று அர்த்தம். ‘இன்வோல்வ்ட்’ என்றால் ஓரிடத்திலாவது தொட்டது நிச்சயம். உடம்பில் எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்வதில்லை. சில கலங்கள் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

டொக்டர் சரியாக வெட்டவில்லை என்றும் நினைக்காதீர்கள். கொம்பவுண்ட் என்றால் மச்சக் கலங்கள் மேல்தோலின் அடிவரிசையிலும் அதற்குக் கீழே உட்தோலிலும் இருக்கின்றன. டிஸ்பிளாஸ்டிக் வகையில் அந்த மேல் வரிசை, நடுப்பகுதியைத் தாண்டித் தோள் போல இரு பக்கமும் நீளும். நிறம் மிக மங்கலாக இருப்பதால் கத்தி வைக்கும்போது அந்த ஓரம் கண்ணுக்குப் படாமல் போகலாம். பக்க விளிம்பு தொட்டும் அடிப்பக்கம் கிளியராக இருப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

அடுத்து என்ன என்பதைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள்: டிஸ்பிளாசியாவின் தரம், மார்ஜின், தழும்பில் இப்போது கண்ணுக்குத் தெரிவது. சிவியர் என்றிருந்து மார்ஜினும் தொட்டிருந்தால், 2 முதல் 5 மில்லிமீற்றர் சாதாரணத் தோலையும் சேர்த்து மறுபடி வெட்டச் சொல்வேன். சிவியருக்கும் ஆரம்ப மெலனோமாவுக்கும் இடையிலான கோடு மெல்லியது. மைல்ட் என்றால் பொதுவாக மறுபடி வெட்டத் தேவையில்லை. உங்களுடையது மொடரேட். மச்சம் முழுதாக எடுக்கப்பட்டு, தழும்பைச் சுற்றி பழுப்பு நிறம் எதுவும் மிஞ்சியிருக்காவிட்டால், கத்தி வைக்காமல் கவனித்து வருவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. என் விருப்பமும் அதுதான். நிறம் மிஞ்சியிருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா இருந்ததா என்பதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், முடிவு மாறலாம்.

முதுகு என்பதால் நீங்களே பார்க்க முடியாது. தையல் ஆறியதும் வீட்டில் ஒருவரைக் கொண்டு, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தூரத்தில் இன்னொன்று. தழும்புக்குள் பழுப்பு நிறம் திரும்பி வரலாம். அப்படி வந்தால், மிஞ்சிய கலங்கள் மறுபடி நிறம் கொடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். தழும்பின் எல்லையைத் தாண்டி அது வெளியே படர்ந்தால் தாமதிக்காமல் தோல் நோய் நிபுணரிடம் காட்டுங்கள்.

திரும்பி வந்த மச்சத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், தழும்புக்குள் கலைந்து கிடக்கும் கலங்கள் மெலனோமாவைப் போலவே தோன்றக்கூடும். முதல் ரிப்போட்டைப் பற்றித் தெரியாதவர் தவறான முடிவு எழுதிவிடும் ஆபத்து உண்மையில் இருக்கிறது. எப்போதாவது அந்த இடத்தில் மறுபடி கத்தி வைத்தால், பரிசோதனைப் படிவத்தில் ‘முன்பு எடுத்த மச்சத்தின் தழும்பு’ என்று எழுதச் சொல்லி, இந்த ரிப்போட்டின் பிரதியையும் அதன் ஆய்வுகூட இலக்கத்தையும் கொடுங்கள். அந்த இலக்கத்தைக் கொண்டு பழைய கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு எடுத்து, புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.